சுயவிவரத் தலைப்பையும் முதல் வரிகளையும் திருத்த உதவுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். இணையப் பணிச்சந்தை ஒன்றில் என் தலைப்பு "அனுபவமிக்க தமிழ் மொழிபெயர்ப்பாளர்" என்றே இருப்பதால், தேடல் பட்டியலில் அது என்னைத் தனித்துக் காட்டவில்லை. அதனை "ஆங்கிலம்–தமிழ்: சிங்கப்பூர் வாசகருக்கான நிதி, குடியிருப்பு அறிவிப்புகள்" என மாற்ற எண்ணியுள்ளேன்.

சுயவிவரத்தைத் திறக்குமுன் சுருக்கத்தின் தொடக்க வரிகள் மட்டுமே தெரிவதால், படிப்பையும் அனுபவ ஆண்டுகளையும் கீழே இறக்கிவிட்டு, "சிபிஎஃப் சிங்கப்பூரில் 'மத்திய சேம நிதி', தமிழ்நாட்டில் வழங்கும் 'வருங்கால வைப்பு நிதி' இங்குள்ள மூத்தோரைக் குழப்பும், உங்கள் வாசகர் அறிந்த சொல்லையே இடுவேன்" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கியிருக்கிறேன். தமிழறியாத வாடிக்கையாளருக்கு இந்த வேறுபாடு விளங்குமா? இவ்வளவு குறுகிய தலைப்பு, சென்னையிலிருந்து வரக்கூடிய பணிகளைத் தடுத்துவிடுமா? பணியமர்த்திய அனுபவமுள்ளவர்கள் தயைகூர்ந்து சொல்லுங்கள்.