உறையூர் வீடு குழு: காவ்யா ரூம் விஷயம்

வெள்ளி, சிங்கப்பூர் நேரம்

காவ்யா, இரவு 8:04
ஃப்ளைட் கேன்சல் 😭 ராத்திரி 11:15 கிளம்ப வேண்டியது. ஏஜென்ட் இப்பதான் ஃபோன் பண்ணார். ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே நேரத்து ஃப்ளைட்ல மாத்தித் தர்றாராம்

பிரவின், 8:05
அலாமாக்

காவ்யா, 8:06
நாளைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள ஹாஸ்டல்ல செக்-இன் பண்ணணும். வார்டனுக்கு என்ன எழுதறதுன்னே தெரியல. மல்லிகா அத்தை இருக்கீங்களா

சித்தப்பா, 8:07
மாத்து டிக்கெட் வேணாம்னு சொல்லு. கேன்சல் பண்ணது அவங்க, முழுப் பணமும் திருப்பிக் கேளு. போன வருஷம் எனக்கு மூணு மாசம் இழுத்தடிச்சாங்க, விடவே இல்ல நான்

காவ்யா, 8:07
சித்தப்பா பணம் இல்ல. ரூம்

சித்தப்பா, 8:08
ரூம் எதுக்கு, வீட்லதான இருக்க

பிரவின், 8:08
😂😂

பெரியப்பா, 8:10
ஹாஸ்டலுக்குப் பணம் கட்டியாச்சுல்ல? கட்டின ரூமை எவனும் எடுக்க முடியாது. திங்கக்கிழமை போய் சாவிய வாங்கிக்க. இதுக்கு எதுக்குக் கடிதம்

மல்லிகா அத்தை, 8:16
அண்ணா, நீங்க சொல்றது பாதிதான் சரி. பணம் கட்டினா ரூம் அவ பேர்ல இருக்கும், உண்மை. ஆனா எத்தனை மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும்னு அதே ஒப்பந்தத்துல இன்னொரு விதி இருக்கும். அதைத் தாண்டினா "வராதவர்" கணக்கு. ஆபீஸ்ல நடக்கிறது இதுதான்: கடைசி நாள் முடிஞ்சதும் பட்டியலை எடுப்போம். டிக் விழாத பேருக்கு மெயில் ஏதாவது வந்திருக்கான்னு பார்ப்போம். வந்திருந்தா பேர் பக்கத்துல குறிப்பு. வரலன்னா காத்திருப்போர் பட்டியல்ல முதல் ஆளுக்கு ஃபோன். யாருக்கும் உன் மேல கோபம் கிடையாது, பேருக்கு எதிர்ல ஒண்ணும் இல்லைங்கறதுதான் பிரச்சினை. காவ்யா, ஒப்பந்தத்துல அந்தப் பக்கத்தை எடுத்துப் போடு

காவ்யா, 8:21
📷
"முன்னறிவிப்பின்றி 24 மணி நேரத்துக்குள் வராதவரின் அறை வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம்"னு இருக்கு

மல்லிகா அத்தை, 8:23
முன்னறிவிப்பின்றி. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கோ. ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?

காவ்யா, 8:24
சனி 9லேர்ந்து 1. ஞாயிறு லீவு. திங்கள் 9க்குத் திறக்கும்

மல்லிகா அத்தை, 8:26
அப்போ உன் கெடு 5 மணி இல்ல, நாளைக்கு மத்தியானம் 1 மணி. அதுக்கப்புறம் மெயிலைப் படிக்க ஆளே கிடையாது. திருச்சியில அது காலைல 10:30. இன்னிக்கு ராத்திரியே அனுப்பிடு. தமிழ்லயே எழுதி இங்க போடு, பார்த்துட்டு இங்கிலீஷ்ல மாத்திக்கலாம்

காவ்யா அம்மா, 8:27
அண்ணி நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன். இவ அழுதுட்டே உக்காந்திருக்கா

காவ்யா, 8:27
அழல

பிரவின், 8:28
பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு போடு லா. உடனே ஓகே ஆகும்

மல்லிகா அத்தை, 8:29
உங்க காலேஜ் லீவுக்காக பாட்டிய எத்தனை தடவைதான் ஆஸ்பத்திரியில சேர்ப்பீங்க? உண்மையான காரணமே பலமா இருக்கு, காகிதமும் இருக்கு. பொய் சொன்னா ரெண்டும் ஒத்துப்போகாது

பாட்டி, 8:31
🎤 0:47

பிரவின், 8:32
பாட்டி நல்லா இருக்காங்களாம். காதுகுத்துல மல்லிகா அத்தை வரலைங்கறதைத் திரும்பச் சொல்றாங்க

மல்லிகா அத்தை, 8:32
அது இப்ப வேணாம்

காவ்யா, 8:40
"மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு, எதிர்பாராத சூழ்நிலை காரணமாக என்னால் குறித்த நேரத்தில் திரும்ப இயலவில்லை. சற்றுத் தாமதமாக, ஞாயிற்றுக்கிழமை வருவேன். சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். தயவுசெய்து புரிந்துகொள்ளவும். இப்படிக்கு, காவ்யா"

பெரியப்பா, 8:41
அருமை. பணிவா இருக்கு

மல்லிகா அத்தை, 8:52
பணிவு நிறைய இருக்கு, விஷயம் இல்ல. ரூம் நம்பர் இல்ல, எந்தக் காவ்யான்னு அவங்க தேடணும். "எதிர்பாராத சூழ்நிலை"ன்னா தூங்கிட்டதும்தான். முக்கியமா, ரூமை வெச்சிருங்கன்னு நீ கேக்கவே இல்ல. புரிஞ்சுக்கோங்கன்னா அவங்க புரிஞ்சுக்குவாங்க, புரிஞ்சுக்கிட்டே அடுத்தவருக்கும் குடுப்பாங்க.

அப்புறம் நாள் தப்பு. ஞாயிறு ராத்திரி 11:15க்குக் கிளம்பறே. நாலேகால் மணி நேரம்னு வெச்சா நம்ம ஊர்க் கணக்குல விடிகாலை 3:30. அதோட ரெண்டரை மணி சேர்த்தா சிங்கப்பூர்ல திங்கள் காலை 6:00. ஞாயிறு வர்றேன்னு எழுதிட்டு திங்கள் வந்தா, நீ சொன்ன வாக்கையே ரெண்டாவது தடவை தவறவிட்ட மாதிரி ஆயிடும். ராத்திரி ஃப்ளைட்ல எல்லாரும் இதுலதான் தடுக்கி விழறாங்க. கிளம்பற நாளை எழுதாத, இறங்கற நாளை எழுது, "சிங்கப்பூர் நேரம்"னும் போடு

காவ்யா, 8:53
அய்யோ ஆமா

சித்தப்பா, 8:54
ஏர்லைன்ல ஓட்டல் குடுத்தாங்களா

காவ்யா அம்மா, 8:54
வீடு உறையூர்ல இருக்கு, ஓட்டல் எதுக்கு தம்பி

மல்லிகா அத்தை, 8:56
காவ்யா, கேன்சல் மெயில் உன்கிட்ட இருக்கா?

காவ்யா, 8:57
எனக்கு மெயிலே வரல. ஏஜென்ட் வாய்லதான் சொன்னார்

மல்லிகா அத்தை, 8:59
ஏஜென்ட் புக் பண்ணும்போது அவர் மெயிலைக் குடுத்திருப்பார், ஏர்லைன் அனுப்பினதெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கும். அந்த மெயிலை அப்படியே ஃபார்வர்ட் பண்ணச் சொல்லு. ஸ்கிரீன்ஷாட் வேணாம், அதுல பாதி நேரம் தேதியே தெரியாது. யார் பிடிச்ச ஏஜென்ட் இவரு?

பெரியப்பா, 9:01
என் சிநேகிதன்தான். 1800 ரூபாய் குறைச்சுக் குடுத்தான். அதுக்கென்ன இப்ப

மல்லிகா அத்தை, 9:01
ஒண்ணுமில்ல அண்ணா. ஃபோன் பண்ணி அனுப்பச் சொல்லுங்க

பிரவின், 9:02
🍿

காவ்யா, 9:34
வந்துடுச்சு. கேன்சல் மெயில் இருக்கு. புது டிக்கெட் இன்னும் "உறுதியாகல"ன்னு காட்டுது

மல்லிகா அத்தை, 9:37
அதுக்காகக் காத்திருக்காத. கேன்சல் மெயிலை மட்டும் இணைச்சு இப்பவே அனுப்பு. டிக்கெட் உறுதியானதும் அதே மெயிலுக்குப் பதில் போட்டு அனுப்பு. புது மெயில் எழுதினா ரெண்டும் ரெண்டு பேர் கையில போய் நிக்கும். இணைக்கறதுக்கு முன்னாடி பிஎன்ஆர் நம்பரை மறைச்சுடு. அதுவும் குடும்பப் பேரும் தெரிஞ்சாலே பல ஏர்லைன் தளத்துல உன் டிக்கெட்டைத் திறந்து பார்க்கலாம். பேர், தேதி, ஃப்ளைட் நம்பர் தெரிஞ்சா போதும்

மல்லிகா அத்தை, 9:49
இந்தா.

தலைப்பு: தாமதச் செக்-இன், அறையை வைத்திருக்க வேண்டுகோள் – காவ்யா, அறை எண், மாணவர் எண்

"வணக்கம். நாளை சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் நான் செக்-இன் செய்ய வேண்டும். இன்றிரவு திருச்சியிலிருந்து கிளம்ப வேண்டிய என் விமானத்தை ஏர்லைன் ரத்து செய்துவிட்டது. அவர்கள் அனுப்பிய அறிவிப்பை இணைத்துள்ளேன்.

ஞாயிறு இரவு விமானத்துக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். அது திங்கள் காலை 6 மணிக்கு, சிங்கப்பூர் நேரம், சாங்கி வந்து சேரும். அன்று காலை 9 முதல் 10 மணிக்குள் அலுவலகத்துக்கு வந்து சாவியைப் பெற்றுக்கொள்வேன். அலுவலக நேரத்துக்கு வெளியே எந்த ஏற்பாடும் தேவையில்லை.

என் அறையை செவ்வாய் மதியம் 12 மணி வரை எனக்காக வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் அறையை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பருவத்துக்கான கட்டணம் முழுவதும் கட்டியாயிற்று. புதிய டிக்கெட் உறுதியானதும், நாளை மதியம் 12 மணிக்குள் இதே மெயிலில் அனுப்புகிறேன்.

இதை ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி பதில் அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்."

கீழ உன் இந்திய நம்பரையும் போடு. சிங்கப்பூர் நம்பருக்கு அடிச்சா உனக்குக் கேக்காது

காவ்யா, 9:51
அத்தை 🙏🙏 மன்னிப்பே கேக்கலையே?

மல்லிகா அத்தை, 9:53
தப்பு உன்னுதில்ல. வேணும்னா கடைசியில ஒரு வரி வருத்தம் போட்டுக்கோ

பெரியப்பா, 9:55
செவ்வாய் ஏன்? புதன்னு கேளு. அவன் செவ்வாய் குடுப்பான்

மல்லிகா அத்தை, 9:58
மீன் மார்க்கெட் இல்லண்ணா. திங்கள் வர்றவ புதன் வரைக்கும் கேட்டா, திங்களே சந்தேகம்தான் போலன்னு நினைப்பாங்க. ஒரு நாள் கூடுதலாக் கேக்கறதே ஃப்ளைட் இன்னொரு தடவை தள்ளிப்போனா சமாளிக்கத்தான்

பெரியப்பா, 9:58
நான் சொல்றதைச் சொல்லிட்டேன்

சித்தப்பா, 10:02
காவ்யா பெட்டில இடம் இருக்கா? மாவடு ஒரு டப்பா குடுத்தனுப்பச் சொன்னேன்

காவ்யா அம்மா, 10:03
கையில எடுத்துட்டுப் போற பையில வெச்சேன்

பிரவின், 10:04
தண்ணியோட 100 மில்லிக்கு மேல இருந்தா செக்யூரிட்டில தூக்கிடுவான் சித்தி. பெரிய பெட்டியில போடுங்க

சித்தப்பா, 10:04
ரெண்டு கவர் சுத்துங்க

மல்லிகா அத்தை, 10:05
என் ப்ளவுஸ் ஊறப்போகுது

காவ்யா, 10:31
அனுப்பிட்டேன். உடனே பதிலும் வந்துடுச்சு!! "உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது"

மல்லிகா அத்தை, 10:33
அது மெஷின் போடற பதில். காலைல 9க்கு ஃபோன் பண்ணு, உனக்கு 6:30. "நேத்து ராத்திரி மெயில் அனுப்பினேன், ரூம் நம்பர் இது, பார்த்தீங்களா"ன்னு மட்டும் கேளு. கதை முழுக்கச் சொல்லாத. யார் எடுத்தாங்கன்னு பேரைக் குறிச்சுக்கோ

சனி

காவ்யா, காலை 9:17
எடுத்தாங்க. மெயில் இருக்காம். வார்டன் பார்த்துட்டு பதில் போடுவாராம்

பெரியப்பா, 9:20
நான் வேணா நேர்ல போய்க் கையெழுத்துப் போட்டுடட்டா? பூன் லேதான, பக்கம்

மல்லிகா அத்தை, 9:24
போய்டாதீங்க அண்ணா. அவ பாஸைப் பார்த்து, அவ முகத்தைப் பார்த்துத்தான் பொதுவாச் சாவி குடுப்பாங்க. கேக்காம போனா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்

காவ்யா, 11:26
புது டிக்கெட் உறுதி ஆயிடுச்சு. அதே மெயில்ல அனுப்பிட்டேன்

காவ்யா, மதியம் 12:22
பதில்! "திங்கள் மாலை 5 மணி வரை அறை வைக்கப்படும். அதற்கு மேல் தாமதமானால் உடனே தெரிவிக்கவும்"

பெரியப்பா, 12:23
புதன்னு கேட்டிருந்தா செவ்வாய் குடுத்திருப்பான்

மல்லிகா அத்தை, 12:26
திங்கள் 5 போதும், ஆனா ஞாயிறு ஃப்ளைட்டும் தள்ளினா பத்தாது. ஞாயிறு ஆபீஸ் லீவு, அப்போ யாரைக் கூப்பிடறதுன்னு 1 மணிக்குள்ள கேட்டு வெச்சுக்கோ. SG Arrival Card ஏற்கெனவே போட்டுட்டியா?

காவ்யா, 12:27
வியாழக்கிழமையே போட்டேன். இன்னிக்குக் காலைல இறங்கறதா

மல்லிகா அத்தை, 12:29
திங்கள் தேதிக்கும் புது ஃப்ளைட்டுக்கும் மாத்து. இறங்கற நாளையும் சேர்த்து மூணு நாளைக்குள்ள போடணும், திங்களுக்கு இன்னிலேர்ந்து போடலாம். MyICA Mobile ஆப்லயே பண்ணு, காசு கிடையாது. காசு கேக்கற தளம் எதுவும் அது இல்ல

காவ்யா, 12:58
ரெண்டு தடவை அடிச்சேன், ஆபீஸ் ஃபோன் பிஸி

மல்லிகா அத்தை, 12:58
மெயில்ல கேளு. அதே மெயில்லயே

சித்தப்பா, 1:10
மாவடு பெரிய பெட்டிக்கு மாத்தியாச்சா

பாட்டி, 1:12
🎤 1:36

பிரவின், 1:15
ப்ளவுஸ் கொக்கி இன்னும் வைக்கலையாம். டெய்லர் கடை திங்கள்தான் திறக்குமாம்

மல்லிகா அத்தை, 1:15
😐