புதுப்பிப்பு: சந்தாத் தாளின் சூத்திரங்களை அடுத்த செயலாளருக்குப் புரிய வைப்பது

என் கேள்வி: “குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கப் போகிறேன். பராமரிப்புத் தொகைத் தாளில் உள்ள சூத்திரங்களை எப்படி எழுதி வைப்பது?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஓய்வுபெற்ற கணக்காளர் சொன்ன வழி: எண்ணைச் சூத்திரத்துக்குள் புதைக்காதீர்கள். எங்கள் தாளில் `=C5*3.5` என்று இருந்தது. 3.5 என்பது சதுர அடிக்கு 3 ரூபாய் 50 காசு என்று புதியவருக்கு யார் சொல்வது? ‘விதிகள்’ என்ற தனித்தாளில் கட்டணம், அமலுக்கு வந்த தேதி, தீர்மான எண் மூன்றையும் எழுதி, முதல் இரண்டு நெடுவரிசைகளுக்கு SqftRate, RateFrom என்று பெயர் வைத்தேன். A5-இல் மாதத்தின் முதல் தேதி, C5-இல் பரப்பளவு, E5-இல் தொகைக்கான இந்தச் சூத்திரம்:

```
=C5*LOOKUP(A5,RateFrom,SqftRate)
```

‘விதிகள்’ தாளில் தேதிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். தேதி இல்லாமல் கட்டணத்தை மட்டும் ஒரே கட்டத்தில் வைத்தால், உயர்த்திய அன்றே பழைய மாதங்களின் பாக்கியும் ஏறிவிடும்.

கடவுச்சொல் போட்டுப் பூட்டச் சொன்னவர் சொன்னது பாதி சரி. கைபடாமல் காக்கும், விளக்கம் தராது.

எதிர்பாராதது ஒன்று. விளக்கத்துக்காகப் பக்கத்தில் `=FORMULATEXT(E5)` போட்டேன். சில வீடுகளுக்கு `#N/A` வந்தது. அங்கே சூத்திரமே இல்லை. யாரோ தொகையை நேரடியாகத் தட்டியிருக்கிறார்கள். அவை சலுகையா, அவசரத் திருத்தமா என்று பொருளாளர் இன்னும் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.