கலைச்சொல் தேவை: ‘ஓல்ட் ஸ்டைல்’ தேதியைத் தமிழ்ல எப்படி எழுதலாம்?

வசந்தி:
வணக்கம். பழைய மெட்ராஸ் பத்தி ஒரு காலவரிசை தொகுத்துட்டு இருக்கேன். 1746ல கோட்டை பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போன நாள் இங்கிலீஷ்காரங்க கணக்குல செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்குல செப்டம்பர் 21. முதல்ல ரெண்டு சம்பவம்னு நினைச்சு ரெண்டு வரி போட்டுட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது, ஒரே நாள்தான், பிரான்ஸ் 1582லயே இப்போ நாம வெச்சிருக்கிற கிரிகோரியன் காலண்டருக்கு மாறிடுச்சு, பிரிட்டன் 1752 வரைக்கும் பழைய ஜூலியன் காலண்டர்லயே இருந்துச்சு. இந்த 10-க்குப் பக்கத்துல இங்கிலீஷ்ல ‘ஓல்ட் ஸ்டைல்’னு போடுவாங்க. ‘பழைய பாணி’ன்னா நகை டிசைன் மாதிரி இருக்கு. வேற சொல் இருக்கா?

பிரபு:
‘ஜூலியன் தேதி’ன்னே போடுங்க அக்கா. எதுவா இருந்தாலும் 11 கூட்டினா புதுத் தேதி வந்துரும். லினக்ஸ்ல `cal 9 1752` அடிச்சா ஓட்டை கண்ணுக்கே தெரியும்:

```
   September 1752
Su Mo Tu We Th Fr Sa
       1  2 14 15 16
17 18 19 20 21 22 23
24 25 26 27 28 29 30
```

நடுவுல போன 11-க்கு ‘தொலைந்த நாள்கள்’னு பேர் வைக்கலாம்.

சுந்தரம்:
தம்பி பிரபு, 1746-க்கு 11 சரி, எல்லாத்துக்கும் சரி கிடையாது. ஜூலியன்ல நாலு வருஷத்துக்கு ஒரு லீப் தவறாம வரும், அதனால வருஷத்துக்குச் சுமார் 11 நிமிஷம் கூடிக்கிட்டே போகும். போப் கிரிகோரி 1582ல அக்டோபர் 4-க்கு மறுநாளை 15னு ஆக்கினப்போ விட்டது 10 தேதிதான். புது முறையில 1700 லீப் இல்ல, ஜூலியன்ல லீப், அங்கதான் வித்தியாசம் 11 ஆச்சு. அதுக்கு முந்தின இங்கிலீஷ் கடிதத்துக்கு 11 கூட்டினீங்கன்னா ஒரு நாள் தப்பும்.

இன்னொண்ணு, இதுதான் ஆளைக் கவுக்கும். இங்கிலாந்துல அப்போ வருஷம் பொறக்கிறது மார்ச் 25-ல. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்குல 1731 பிப்ரவரி 11, இப்போ நாம சொல்றது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறுது, வருஷமும் மாறுது. ஜூலியன்கிறது நாள் கணக்கை மட்டும் சொல்லும், வருஷப் பிறப்பைச் சொல்லாது, அதனால ‘ஜூலியன் தேதி’ பத்தாது. வானியல்காரங்க ‘ஜூலியன் நாள் எண்’ணுனு வேற ஒண்ணு வெச்சிருக்காங்க, அதோடயும் குழம்பும்.

‘தொலைந்த நாள்’ எனக்கு ஒப்பல. 2-ம் தேதி புதன், மறுநாள் 14-ம் தேதி வியாழன், கிழமை அறுபடவே இல்ல. நாள் எங்கயும் போகல, தேதிதான் போச்சு. தமிழ்ல நாளும் தேதியும் தனித்தனிச் சொல்லா இருக்கே, அதை விடலாமா? ‘தேதித் தாவல்’னு சொல்லிப் பாருங்க.

தமிழ்ச்செல்வி:
எங்க பாட்டி பிறந்தது ஆவணி 5னு வீட்டு நோட்டுல இருக்கு, ரேஷன் கார்டுல ஜூன் 1. இதுவும் இந்த மாற்றத்தாலதானா?

வசந்தி:
இல்லங்க, ஆவணி 5 ஆகஸ்ட் 20 வாக்குல விழும், ஜூன் 1 யாரோ தோராயமாப் போட்டதா இருக்கும். இது வேற விஷயம்.

ஐயா சொன்ன கிழமையை வெச்சுச் சரிபார்த்தேன். 1746 செப்டம்பர் 21 கிரிகோரியன்ல புதன். ஜூலியன்ல செப்டம்பர் 10-ம் புதன். ஆனா 10-ஐ அப்படியே கம்ப்யூட்டர்ல கொடுத்தா சனின்னு காட்டுது. ஏட்டுல கிழமையும் எழுதியிருந்தா, எந்தக் கணக்குன்னு அதை வெச்சே கண்டுபிடிச்சிரலாம் போல.

சொல்லுக்கு, ‘ஏட்டுத் தேதி’, ‘மாற்றிய தேதி’ எப்படி இருக்கு?

பிரபு:
11 விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன், மன்னிக்கணும். இப்போ இதைப் போட்டுப் பாத்தேன்:

```
from datetime import date
date(1700, 2, 29)
```

`ValueError` வருது. பைத்தான் பழைய காலத்துக்கும் கிரிகோரியனையே பின்னாடி நீட்டிக்குது, ஆனா அன்னைக்கு லண்டன்ல அந்தப் பிப்ரவரி 29 நிஜமாவே இருந்துச்சு, ஐயா சொன்ன மார்ச் 25 கணக்கால வருஷம் மட்டும் 1699, நம்ம கணக்குல அது 1700 மார்ச் 11. அதனால ஏட்டுத் தேதியை எழுத்தாவே சேமிச்சு வைங்க அக்கா, தேதி வகையில போடாதீங்க.

சுந்தரம்:
‘ஏட்டுத் தேதி’ நல்ல சொல்தான், ஆனா பிரெஞ்சு ஏட்டுல இருக்கிற 21-ம் ஏட்டுத் தேதிதானே? எழுதினபடி இருக்குன்னு அது சொல்லும், எந்தக் கணக்குன்னு சொல்லாது. அதுக்குத் தனியா ‘பழைய முறை’, ‘புதிய முறை’ வேணும்னு நினைக்கிறேன்.

வசந்தி:
சுருக்கி ‘ப.மு.’ன்னு போட்டா கி.மு. மாதிரி படிச்சிருவாங்களே ஐயா. ‘பழங்கணக்கு’, ‘புதுக்கணக்கு’ன்னா? இப்போதைக்கு 1746 வரியில ‘செப்டம்பர் 10, பழங்கணக்கு, புதுக்கணக்கில் 21’னு போட்டிருக்கேன்.

சுந்தரம்:
புதுக்கணக்குன்னா கடைக்காரர் நோட்டுக்குப் பொட்டு வெச்சு ஆரம்பிக்கிறதுதான் எனக்கு ஞாபகம் வருது. பழங்கணக்கு இருக்கட்டும், ஜோடிச் சொல்லை இன்னும் தேடுவோம்.