சிவராத்திரி இரவுக்குச் சாமி அலமாரி அலங்காரம்: உங்கள் வீட்டு அனுபவம்?

ஈசூன்வாசி

2026 சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீனப் புத்தாண்டு அதை ஒட்டியே இருந்ததால் நாங்கள் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே நான்கு கால பூஜை செய்தோம். எங்களுடையது சிங்கப்பூரில் வீவக மூவறை வீடு. சாமி இருப்பது ஹால் அலமாரியின் நடுத்தட்டில். அகலம் இரண்டடி, ஆழம் ஓரடி, மேல்பலகைக்கு ஒன்றேகால் அடி உயரம். லிங்கம் கட்டைவிரல் அளவுதான்.

இவ்வளவு சின்ன இடத்தில் முதலில் யோசிக்க வேண்டியது விளக்கைத்தான் என்பது என் எண்ணம். பூவெல்லாம் அதற்குப் பிறகுதான். சாதாரண நாளில் பத்து நிமிடம் எரிகிற அகல் அன்று விடிய விடிய எரியும். சாயங்காலம் ஒத்திகையாக அரை மணி நேரம் ஒரு அகலை உள்ளே ஏற்றிவைத்து, மேல்பலகையைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. பக்கத்தில் வைத்த வில்வ இலையும் ஓரம் சுருண்டுவிட்டது. அதனால் விளக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். அலமாரிக்கு முன்னால் மணை போட்டு, அதன்மேல் விளிம்பு வைத்த பித்தளைத் தாம்பாளம், அதில் ஒரு விரற்கடை மணல், மணலுக்குள் ஐந்து அகல். வெளிச்சம் கீழிருந்து மேலே போய் லிங்கத்தின் மேல் படுகிறது. உள்ளே வைத்தபோது இருந்ததைவிட முகம் தெளிவாகத் தெரிந்தது.

வில்வத்தை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு காலத்துக்கும் தனி ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைத்தேன். காலத்துக்குக் காலம் பழைய இலையை எடுத்துவிட்டுப் புதுசு சாத்தினோம். ஒரே தடவையில் குவித்திருந்தால் நடுநிசிக்குள் எல்லாமே வாடியிருக்கும். உங்கள் வீட்டில் எப்படிச் செய்தீர்கள்?

தேக்கா அக்கா

தம்பி, மணல் யோசனை நல்லது. எண்ணெய் சிந்தினாலும் மணலே குடித்துவிடும். திரியை மட்டும் கவனியுங்கள். முனை நீளமாக நின்றால் சுடரும் உயரும், கரியும் பிடிக்கும். முனையை மிளகளவுக்கு இழுத்துவிட்டால் போதும். எங்கள் வீட்டு அகலில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது. அதனால் ஒவ்வொரு கால பூஜை தொடங்கும்போதும், அப்புறம் அதன் நடுவில் ஒரு தடவையும் எண்ணெய் விட்டேன். இரவு முழுவதுக்கும் சேர்த்து ஒரேயடியாக ஊற்றினால் திரி மூழ்கி அணைந்துவிடும்.

வில்வம் வாங்கும்போது கட்டைப் பிரித்துப் பாருங்கள். மூன்று இலையும் முழுசாக, ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். கட்டின் நடுவில்தான் ஒடிந்ததும் பூச்சி தின்றதும் இருக்கும். காம்பின் அடியில் தடித்த கணு ஒன்று உண்டு, அதைக் கிள்ளிவிட்டுத்தான் சாத்துவோம். சின்ன லிங்கத்துக்குப் பெரிய இலை வைத்தால் சாமியே மறைந்துபோகும். நான் கொழுந்துப் பக்கத்துச் சின்ன இலைகளை உச்சியில் சாத்துவதற்கு எடுத்துக்கொண்டு, பெரியவற்றைப் பின்னால் அரைவட்டமாகச் சாய்த்து வைப்பேன். முன்பக்கம் காலியாகத்தான் இருக்கும். பார்க்க அதுவே நிறைவாக இருக்கிறது.

உட்லண்ட்ஸ்காரர்

ஏன் இவ்வளவு சிரமம்? வில்வத்துக்கு நிர்மால்ய தோஷமே கிடையாது. சாத்தினதைக் கழுவித் திரும்பச் சாத்தலாம் என்று எங்கள் அப்பா சொல்வார். ஒரு கைப்பிடி இலை இருந்தால் நான்கு காலமும் ஓட்டிவிடலாம்.

தேக்கா அக்கா

அப்பா சொன்னது சரிதான் தம்பி. புது இலை கிடைக்காதபோது கழுவிச் சாத்தலாம், நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் கிழிந்ததுக்கும் கருகினதுக்கும் அது பொருந்தாது. பாலும் தேனும் பட்ட இலையைக் கழுவினாலும் பிசுபிசுப்பு முழுசாகப் போகாது, எறும்பு வரும். அபிஷேகத்துக்கு முன்னால் இலையை எடுத்துவிட்டு, அபிஷேகம் முடிந்து துடைத்த பிறகு சாத்தினால் அதே இலையைத் திரும்பவும் பயன்படுத்தலாம்.

புங்கோல் அம்மா

எங்களிடம் தொட்டியில் ஒரு வில்வச் செடி இருக்கிறது. இடுப்பளவுதான் வளர்ந்திருக்கிறது, இலை மஞ்சளாக உதிர்கிறது. உரம் போடலாமா? சிவராத்திரி அன்று காலையில் அதிலிருந்துதான் பறிக்க நினைத்திருந்தேன், மாமியார் தடுத்துவிட்டார்.

ஈசூன்வாசி

அம்மா, உரம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. தொட்டியில் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பறிக்கும் விஷயத்தில் உங்கள் மாமியார் பக்கம்தான் நான். சதுர்த்தசியில் வில்வம் பறிப்பதில்லை, சிவராத்திரியோ சதுர்த்தசிதான். முந்தின நாளே பறித்துவிட வேண்டும். கடையில் வாங்குவதும் முந்தின நாள் என்றால் நல்லது. அன்று சாயங்காலம் மிஞ்சுவதெல்லாம் கட்டின் அடியில் நசுங்கின இலைதான்.

செங்காங் தம்பி

எனக்குப் பூவில்தான் குழப்பம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி தாழம்பூ வைக்கச் சொன்னார், அம்மா கூடவே கூடாது என்றார். கடைசியில் வெள்ளை எருக்கும் நந்தியாவட்டையும் மட்டும் வைத்தோம். எருக்கைக் கோக்கும்போது அதன் பால் விரலில் ஒட்டியது. அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு போய்க் கழுவ வைத்தார். ஊமத்தம்பூவும் விஷம் என்பதால், தவழுகிற தங்கச்சி பாப்பா இருக்கிற வீட்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நந்தியாவட்டை எங்கள் மாமா வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது. பூங்காவில் பூத்துக் கிடந்தாலும் பறிக்க அனுமதி இல்லை.

உட்லண்ட்ஸ்காரர்

அடிமுடி தேடின கதையில் பொய்ச்சாட்சி சொன்னது தாழம்பூ. அதனால்தான் சிவனுக்கு ஆகாது என்பார்கள். ஆனால் சிவராத்திரி ஓர் இரவு மட்டும் சாத்தலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆன்ட்டி அந்த வழக்கத்தில் வந்தவராக இருக்கலாம்.

தேக்கா அக்கா

எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவரவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

புங்கோல் அம்மா

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்களுடையது புது வீடு, கூரையில் புகை உணர்கருவி பொருத்தியிருக்கிறார்கள். 2018 ஜூன் முதல் புது வீடுகளில் அது கட்டாயம். இரண்டாம் காலத்தில் சாம்பிராணி போட்டதும் அது அலறி, இரண்டு குழந்தைகளும் எழுந்துவிட்டார்கள். அதைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை, விடிய விடிய விளக்கு எரிகிற இரவாயிற்றே. மூன்றாம் காலத்திலிருந்து சாம்பிராணியை விட்டுவிட்டு, ஒரே ஒரு ஊதுபத்தியைத் திறந்த சன்னல் பக்கம் வைத்தோம். அலறவில்லை.

செங்காங் தம்பி

சன்னலைத் திறந்தால் காற்றில் சுடர் ஆடுமே? நாங்கள் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தோம்.

ஈசூன்வாசி

தாம்பாளத்துக்குச் சன்னல் பக்கமாக உயரமான செம்பு ஒன்றை வைத்துப் பாருங்கள் தம்பி, சுடர் நிற்கும். மின்விசிறியை அறையின் மறுகோடியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம்.

எனக்குத் தெளியாதது நேரம்தான். லிங்கோத்பவத்துக்கென்று நல்ல இலையாகத் தனியே எடுத்துவைத்திருந்தேன். ஊரில் அதை நள்ளிரவையொட்டிச் செய்வார்கள். இங்கே பிப்ரவரியில் சூரியன் மறைவதே ஏழே காலுக்கு மேல், உதிப்பதும் ஏழே கால் வாக்கில். அந்தக் கணக்கில் இரவின் நடு ஒன்றேகால் ஆகிறது. நாங்கள் ஒன்றேகாலுக்குச் சாத்தினோம். மாமனார் பன்னிரண்டுக்கே செய்திருக்க வேண்டும் என்கிறார்.

தேக்கா அக்கா

நாங்கள் கோயில் அறிவிக்கிற நேரத்தை வைத்துக்கொள்கிறோம் தம்பி. ஆனால் நீங்கள் சொல்கிற கணக்கும் தப்பென்று சொல்ல மாட்டேன். கேலாங் ஈஸ்ட் சிவன் கோயில் பக்கம் போகும்போது குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.