`Purchase Receipt`: ரசீதா, சீட்டா?

கார்த்திகா, வாடிப்பட்டி

வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் ஈஆர்பி மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் படுத்துகிறது. விவசாயியிடம் நெல் இறக்கியதும் போடும் `Purchase Receipt` தாளுக்கு, முன்பு செய்தவர்கள் 'கொள்முதல் ரசீது' என்று வைத்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் டிராக்டரில் நெல் கொண்டுவந்தார். மூட்டை இறக்கியதும் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டோம். தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தவர், "பணம் கைக்கு வராம ரசீதுல கையெழுத்துப் போடச் சொல்றியேம்மா" என்றார். அவர் கேட்டது நியாயம். நம் ஊரில் ரசீது என்றால் பணம் வாங்கியதற்கு அத்தாட்சி. அன்று மாலையே 60,858 ரூபாய் அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது. அவர் பாஸ்புக்கில் இருந்தது வங்கி இணைப்புக்கு முந்தைய ஐஎஃப்எஸ்சி. கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால், கைக்கு வராத பணத்துக்கு அவர் ரசீது கொடுத்ததாக ஆகியிருக்கும்.

'வரவுச் சீட்டு' என்று மாற்றலாமா?

பாஸ்கர், மேலூர்

வரவு வேண்டாம். வரவு செலவு என்றாலே பணம்தான். ரசீதுக்கு இருக்கிற அதே குழப்பம் இதிலும் வரும். புதுச்சொல்லே எதற்கு? எல்லோருக்கும் தெரிந்த 'எடைச்சீட்டு' இருக்கிறதே, அதையே வையுங்கள்.

முத்தையா, திருமங்கலம்

வரவு பற்றிப் பாஸ்கர் சொன்னது சரி. எடைச்சீட்டு சரிவராது. அது எடைமேடைக்காரர் தருவது. வண்டியின் எடையைச் சொல்லும், நெல் யாருடையது என்று சொல்லாது. அண்ணன் தம்பி இருவர் நெல்லை ஒரே டிரெய்லரில் ஏற்றி வருவது எங்கள் பக்கம் வழக்கம். எடைச்சீட்டு ஒன்று, இந்தத் தாள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், கணினியில் பதிகிற பையன் அண்ணன் தம்பியில் ஒருவர் பெயரிலேயே முழுதையும் ஏற்றிவிடுவான். மற்றவருக்குப் பணம் போகாது.

இன்னொன்று. கார்த்திகா, அந்தப் பெரியவர் கணக்கைக் கொஞ்சம் போடுங்கள்.

கார்த்திகா

சரிங்கண்ணே. நெல்லோடு வண்டி 4,860 கிலோ, வெறும் வண்டி 2,140. மீதி 2,720. சாக்கு 40, அதற்கு அரைக் கிலோ வீதம் 20 போனால் 2,700. ஈரப்பதம் 19 இருந்தது. எங்கள் பேச்சு 17 வரை. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஒரு கிலோ கழிப்போம். 54 கிலோ கழித்து 2,646 கிலோவுக்கு, கிலோ 23 ரூபாய் போட்டோம்.

முத்தையா

இதில் எதை நிகர எடை என்கிறீர்கள்? உங்கள் குடோனில் இறங்கியது 2,700. பணம் கொடுத்தது 2,646-க்கு. இருப்பில் 2,646 ஏற்றினால் 54 கிலோ கணக்கில் இல்லாமல் ஆலைக்குள் போகும். அந்த நெல்லை அரைக்கும்போது அரிசி விகிதம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்புறம் யாராவது நாலு மூட்டையை நகர்த்தினாலும் தெரியாது. இந்தத் தாளில் 2,700 தான் இருக்க வேண்டும். மதிப்பு அதே 60,858, இருப்பில் கிலோ 22.54 விழும். 2,646 பில்லுக்கு உரியது. விவசாயி பில் தரமாட்டார், அவர் பெயரில் நாம்தான் போடுகிறோம். ஆக, வந்த சரக்கைச் சொல்கிற தாளுக்குத்தான் பெயர் தேடுகிறோம். பணவாடை இருக்கக் கூடாது.

செல்வம், உசிலம்பட்டி

நான் மாட்டுத்தாவணியில் பூக் கமிஷன் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு ஈரப்பதம் கிடையாது, காலை ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. எடை போடும்போது விலையே தெரியாது. மல்லி வரத்து கூடினால் விலை இறங்கும். இதற்கு உங்கள் மென்பொருளில் விலை போடாமல் தாள் அடிக்க முடியுமா?

முத்தையா

செல்வம், கேட்டது வேறு. ஆனால் சொல் உங்களிடம்தான் இருக்கிறது. வரத்து! "இன்னைக்கு நெல் வரத்து எவ்வளவு?" என்றுதானே எல்லாச் சந்தையிலும் கேட்கிறோம்? சரக்கு வந்ததை மட்டும் சொல்கிறது. பணம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

பாஸ்கர்

கால்வாயில் தண்ணீர் வரத்து என்றும் சொல்கிறோமே.

கார்த்திகா

அதுவும் வந்து சேர்வதுதானே பாஸ்கர். அந்தப் பெரியவர் மகனுக்கு போன் போட்டு "வரத்துச் சீட்டு" என்றேன். "எவ்வளவு நெல் வந்துச்சுன்னு எழுதுனதா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அது போதும். பணம் வாங்கும் தாளில் `Receipt` தனியாக வருவதால், அதைச் சூழல் சொல்லிப் பிரித்துவிட்டேன்:

```
msgid "Purchase Receipt"
msgstr "வரத்துச் சீட்டு"

msgctxt "Payment"
msgid "Receipt"
msgstr "ரசீது"
```

செல்வம் அண்ணே, எங்களுடையதில் விலையைப் பூஜ்யமாக விட்டு வரத்துச் சீட்டு அடித்து, பில்லில் விலை போடலாம். ஆனால் அதுவரை இருப்பின் மதிப்பும் பூஜ்யமாகவே நிற்கும். பூ அன்றே போய்விடுகிறது. உங்களுக்கு இது ஒத்துவருமா என்று முத்தையா அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

2,646-க்கு இன்னும் பெயர் இல்லை. 'கணக்கு எடை' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்.

பாஸ்கர்

'கழிவு போக எடை' என்று வையுங்கள். எதைக் கழித்தீர்கள் என்று விவசாயி உடனே கேட்பார். கேட்கட்டும்.

முத்தையா

சாக்குக்குக் கழித்ததும் கழிவுதானே பாஸ்கர்? அப்படியானால் 2,700-ம் கழிவு போக எடைதான். இரண்டு நாள் பொறுங்கள், களத்தில் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.