ஒரே செவிலியருக்கு ஒரு வார்டில் 6, இன்னொரு வார்டில் 3: அளவுகோலை எப்படிச் சரிசெய்வது?

மனிதவள அலுவலர், தனியார் மருத்துவமனை:
எங்கள் செவிலியர்களின் ஆண்டு மதிப்பீட்டில், 1 முதல் 7 வரை ஒவ்வொரு எண்ணுக்கு எதிரேயும் ஒரு விளக்க வாக்கியம் எழுதியிருக்கிறோம். அப்படியிருந்தும், ஆண்டின் முதற்பாதியில் பொது மருத்துவ வார்டிலும் பிற்பாதியில் அறுவைச் சிகிச்சை வார்டிலும் பணியாற்றிய ஒரு செவிலியருக்குப் பணி ஒப்படைப்பில் ஒரு பொறுப்பாளர் 6 இட்டிருக்கிறார். மற்றவர் 3 இட்டிருக்கிறார். 6-க்கு எதிரே “ஒப்படைப்பை மிகவும் முழுமையாகச் செய்வார்” என்றும், 3-க்கு எதிரே “ஒப்படைப்பில் சில குறைகள் இருக்கும்” என்றும் உள்ளது. எதை மாற்ற வேண்டும்?

சம்பளப் பிரிவுக் கணக்காளர்:
ஒவ்வொரு பொறுப்பாளரும் இட்ட மதிப்பெண்களின் சராசரியைக் கண்டு, அதை அவரவர் மதிப்பெண்களிலிருந்து கழித்துவிட்டால், தாராளமாக இடுபவருக்கும் கறாராக இடுபவருக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். வாக்கியங்களைத் தொடவே வேண்டாம்.

முன்னாள் செவிலியர் கண்காணிப்பாளர்:
கணக்காளர் சொல்வது கைதாராளத்தைச் சரிசெய்யும். ஆனால் ஒரு வார்டில் உண்மையிலேயே திறமையானவர்கள் கூடியிருந்தால், அவர்களையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடும். இரு பொறுப்பாளர்களும் வெவ்வேறு செயல்களைப் பார்த்து மதிப்பெண் இட்டிருந்தால், கழித்தலால் அது சரியாகாது.

“முழுமையாக” என்பது செயலன்று, தீர்ப்பு. எண்களுக்கு எதிரே தீர்ப்பை எழுதாமல் செயல்களையே எழுதும் முறையை 1963-இல் வெளியிட்ட ஆய்வாளர்கள் ஸ்மித், கெண்டல் இருவரும் செவிலியர் பணியையே எடுத்துக்கொண்டார்கள். வாக்கியங்களுக்கான சம்பவங்களையும் தலைமைச் செவிலியர்களிடமே திரட்டினார்கள். நீங்களும் பொறுப்பாளர்களிடம், தாம் கண்ணால் கண்ட நல்ல, சுமாரான, மோசமான ஒப்படைப்புகளைச் சம்பவங்களாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு மற்றத் தலைப்புகளின் சம்பவங்களோடு கலந்து, அவற்றை எழுதாத வேறு பொறுப்பாளர்களிடம் கொடுத்து, எது எந்தத் தலைப்பில் சேரும் என்று பிரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஒரே தலைப்பில் சேர்க்காத சம்பவத்தை நீக்கிவிடலாம். மிஞ்சியவற்றுக்கு, ஒருவரை ஒருவர் கலந்து பேசாமல், 1 முதல் 7 வரை மதிப்பிடச் சொல்லுங்கள்.

உதாரணமாக, “வரவேண்டிய இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் படுக்கையருகே நின்று சொல்லி, அவற்றை வாங்க வேண்டியவரையும் பெயர் குறிப்பிட்டு ஒப்படைப்பார்” என்பதற்கு ஐவர் 6, 7, 6, 6, 7 இடுகிறார்கள் என்று கொள்வோம். “பணிநேரம் முடிந்த பிறகும் நெடுநேரம் வார்டிலேயே இருந்து எழுதி முடிப்பார்” என்பதற்கு 2, 4, 5, 6, 7 இடுகிறார்கள். இரண்டாவதன் சராசரி 4.8 என்பதால் 5-க்கு எதிரே வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள், ஒருவர் அதில் அர்ப்பணிப்பைக் காண்கிறார், மற்றவர் நேரத்தை வகுக்கத் தெரியாமையைக் காண்கிறார். எக்செல்லில் பரவலைப் பாருங்கள்:

```
=STDEV.S(B2:F2)
```

முதலாவதற்கு ஏறத்தாழ 0.55, இரண்டாவதற்கு 1.92 வரும். 1.5-க்கு மேற்பட்டதை நான் சேர்ப்பதில்லை. ஐவர் மட்டுமே என்றால் ஒருவரின் எண்ணே கணக்கைப் புரட்டிவிடும் என்பதால், கூடுதலானோரைக் கேட்பது நல்லது.

பம்பு தொழிற்சாலை மேலாளர், கோவை:
எங்கள் கிடங்கிலும் இப்படி எழுதி வைத்தோம். அச்சிட்ட அதே செயலை யாரும் செய்து காணாததால், மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் நடுமதிப்பெண்ணை இட்டுவிட்டார்கள். பணியாளர்களே தமக்கு மதிப்பெண் இட்டுக்கொள்ளும்படி விடுவதுதானே எளிது?

முன்னாள் செவிலியர் கண்காணிப்பாளர்:
சுயமதிப்பீடு வேறு விஷயம் ஐயா. இங்கே கேட்கப்பட்டது மதிப்பிடுபவர்களுக்கு இடையிலான வேறுபாடு. ஆனால் நீங்கள் கண்ட சிக்கல் உண்மையானது. அச்சிட்ட வாக்கியம் ஓர் எடுத்துக்காட்டுதான். “இவரிடம் இப்படிப்பட்ட செயலை எதிர்பார்க்கலாமா?” என்று கேட்டு, தாம் கண்ட சம்பவத்தைத் தேதியோடு எழுதி, அது எந்த இரு வாக்கியங்களுக்கு இடையில் பொருந்துகிறது என்று பார்த்து மதிப்பெண் இட வேண்டும். சம்பவம் எழுதப்படாத மதிப்பெண்ணை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு உழைத்தும், எளிய அளவுகோல்களைவிட இது தெளிவாக மேலானது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. 1975-இலேயே ஷ்வாப், ஹென்மன், டிகோட்டிஸ் ஆகியோர் அதைச் சுட்டினார்கள். எனவே படிவத்தைக் கொடுத்துவிட்டு விலகாமல், எல்லாப் பொறுப்பாளர்களையும் அமர்த்தி, எழுதி வைத்த ஒரே ஒப்படைப்புக் காட்சிக்குத் தனித்தனியே மதிப்பெண் இடச் செய்து, வேறுபாட்டுக்கான காரணத்தைப் பேச வையுங்கள். உங்கள் 6-உம் 3-உம் அங்கேதான் புரியும். அந்தச் செவிலியரின் ஒப்படைப்பே வார்டு மாறியதும் மாறியிருக்கவும் கூடும், அதை மறந்துவிடாதீர்கள்.

மனிதவள அலுவலர்:
மிக்க நன்றி, அம்மா. முதலில் பணி ஒப்படைப்புக்கு மட்டும் செய்து பார்க்கிறோம். பிரித்துப் பார்ப்பதற்காக, மருந்து வழங்கல் பற்றிய சம்பவங்களையும் சேர்த்துத் திரட்டுகிறோம். இரவுப் பணி ஒப்படைப்பைப் பொறுப்பாளர் நேரில் காண்பதில்லை. அதற்கு என்ன செய்வது?

சம்பளப் பிரிவுக் கணக்காளர்:
மதிப்பெண்ணை வைத்துத்தான் ஊதிய உயர்வு என்றால், கட்டத்தைக் காலியாக விட முடியாது.

முன்னாள் செவிலியர் கண்காணிப்பாளர்:
காணாததற்கு எண் இடுவதைவிடக் காலியாக விடுவதே மேல் என்பேன். காலையில் பொறுப்பேற்கும் செவிலியரிடம் சம்பவங்களைக் கேட்டு எழுதலாம். ஆனால் சக ஊழியர் எவ்வளவு வெளிப்படையாகச் சொல்வார் என்பது ஒவ்வொரு வார்டிலும் வேறுபடும். உயர்வுக்கு 5 வேண்டும் என்று தெரிந்த பொறுப்பாளர் எந்த வாக்கியத்தைப் படித்தாலும் 5-தான் இடுவார் என்பதற்கும் என்னிடம் மருந்து இல்லை.