பகிடிக்கு வைத்த பட்டம் ஏன் போகாமல் நிற்கிறது? திருகோணமலை ஆட்கள் சொல்லுங்கள்

கடற்கரைத்தெரு

மான் அண்ணையை உங்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும். போன மாதம் அவருடைய மகளின் கல்யாணக் கார்ட் வந்தது. "திரு. திருமதி கோணேஸ்வரன்" என்று அடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் அதை வைத்து யார் வீட்டுக் கல்யாணம் என்று கண்டுபிடிக்க முடியுமா? கோணேஸ்வரன், கோணேசலிங்கம், கோணேசமூர்த்தி என்று ஒழுங்கைக்கு ரெண்டு பேர். கார்ட் கிடைத்தவர்கள் ஆளுக்காள் போன் எடுத்து "இது எந்தக் கோணேஸ்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு அலுவலாக அவர் வீட்டுக்குப் போனேன். மனுசன் விறாந்தையில் இருந்து, இன்னும் கொடுக்காத கார்டுகளில் தன் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, நீலப் பேனாவால் "மான்" என்று எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, மை காயட்டும் என்று விரித்து வைத்து. உள்ளே இருந்து மனைவியின் குரல்: "மாப்பிள்ளை வீட்டுக்குப் போற கார்டிலயும் எழுதிப்போடாதேங்கோ!"

இந்தப் பேருக்காக இவர் ஒருத்தனின் மண்டையில் கொம்பாஸ் பெட்டியால் அடித்தவர். கதை இதுதான். ஏழாம் வகுப்பில் கோட்டை வழியாகக் கோணேசர் கோவிலுக்கு நடந்து போனோம். அங்கே மான்கள் ஆளுக்குப் பயப்படாது, கடதாசியைக்கூடத் தின்னும். ஒரு மான் இவருடைய சோத்துப் பார்சலைக் கவ்விக்கொண்டது. மற்றவர்கள் கல்லெடுத்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, மானைப் பார்த்து "விடுங்கோ... போங்கோ..." என்று மரியாதையாகக் கெஞ்சினார். அன்று பின்னேரமே பட்டம் விழுந்துவிட்டது. பயந்தாங்கொள்ளி என்பதுதான் அர்த்தம்.

வாங்குகிறவனை நோகடிக்க வைத்த பேரை அவனே தன் கையால் எழுதுகிற நிலை எப்போது வந்தது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குத் தெரிந்த பட்டங்களின் கதையைச் சொல்லுங்கள்.

சூடை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோபம் வந்தால் ஒட்டும், வராவிட்டால் உதிரும். கொம்பாஸ் பெட்டியால் அடித்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அடிதான் பேரை உறுதிப்படுத்தியது.

என் பேரைப் பார்த்தாலே தெரியும், நான் ஒல்லி. கரைவலை இழுக்கும்போது கயிற்றோடு நானும் தண்ணீருக்குள் இழுபட்டுப் போனேன். "சூடை ஒண்டு திரும்பப் போகுது, பிடியுங்கோ" என்று ஒரு கிழவர் கத்தினார். கரையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. நான் அழுதேன். அவ்வளவுதான், முடிந்தது.

பட்டம் வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்கிறது: முதல் கிழமை காது கேட்காத மாதிரி இருங்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது, சிரித்தால் இன்னும் கூப்பிடுவான். வாத்தியாரிடம் சொல்லவே கூடாது. சொன்னால் அவர் வகுப்பில் "யார் இவனைச் சூடை எண்டு கூப்பிட்டது?" என்று கேட்பார், தெரியாத மிச்சப்பேருக்கும் தெரிந்துவிடும். அம்மாவையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது. திருப்பி நீங்கள் ஒரு பட்டம் வைக்கலாம், ஆனால் அவன் வைத்ததைவிட நல்லதாக இருக்க வேண்டும். சப்பைப் பட்டம் வைத்தால் உங்களுக்குத்தான் நட்டம்.

பேபி அன்ரி

எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கிறது. அம்மம்மா வைத்தது பேபி. பேரப்பிள்ளை கண்டுவிட்டேன், இன்னும் உவர்மலையில் நான் பேபி அன்ரிதான். எல்லாரும் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்கள் வீட்டுப் பேரில் அனுப்பிவிடுகிறார்கள். அடையாள அட்டையில் உள்ள பேர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் காசைத் தர மாட்டார்கள். ஆகவே அடையாள அட்டையைப் படம் எடுத்து முதலே அனுப்பிவிடுங்கள். முதலெழுத்தையும் மறக்க வேண்டாம். பாஸ்போட்டில் தகப்பன் பேர் முழுதாகவும் அடையாள அட்டையில் எழுத்து மட்டும் இருந்தால் அதையும் சொல்லி வையுங்கள்.

சூடை

அன்ரி, அது செல்லப் பேர். இங்கே கேட்டது அவமானத்தில் தொடங்கின பேர்.

பேபி அன்ரி

62 வயசில் பேபி என்று கூப்பிட்டால் அவமானம் இல்லையா தம்பி?

ஓய்வு ரீச்சர்

சூடைத் தம்பி சொல்வது பாதிதான் சரி. கோபம் முதல் கொஞ்ச நாளைக்குத்தான் வேலை செய்யும். அதற்குப் பிறகு பேரைத் தூக்கிப் பிடிக்க வேறு ஏதாவது வேண்டும். நான் திருகோணமலையில் வகுப்பாசிரியையாக இருந்த காலம் முழுக்கப் பார்த்த விசயம் இது. ஒரு வகுப்பில் கோணேஸ் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் பட்டம் நிலைக்கும். பிள்ளைகளுக்கு அவர்களைப் பிரித்துக் கூப்பிட அது தேவை. அதே வகுப்பில் மற்ற யாருக்கும் இல்லாத பேர் உள்ள பிள்ளைக்கு எவ்வளவு மோசமான பட்டம் வைத்தாலும் ஓ.எல். வருவதற்குள் அழிந்துபோகும். அந்தப் பிள்ளை அழுதிருக்கும், அடித்திருக்கும், ஆனாலும் அழிந்துபோகும்.

ரெண்டாவது, உடம்பை வைத்து வைத்த பேர் உடம்போடு மாறிவிடும். குண்டன் மெலிந்தால் பேருக்கு வேலை இல்லை. ஒரு சம்பவத்தை வைத்து வைத்த பேர் அப்படி இல்லை. சம்பவத்தை யாரும் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. சூடைத் தம்பி இப்போது ஒல்லியா, தெரியாது. ஆனால் அன்று கயிற்றோடு போனது போனதுதான்.

மான் தம்பியின் விசயத்தில் நான் கேட்க விரும்புவது: அவர் பந்து விளையாடினவரா?

கடற்கரைத்தெரு

ஓம் ரீச்சர், நல்லா ஓடுவார். மக்கெய்சர் மைதானத்தில் இடது பக்கம் அவர்தான்.

ஓய்வு ரீச்சர்

அப்போது அங்கேதான் பேர் திரும்பியிருக்கிறது. கரையில் நின்று "மான், மான்" என்று கத்தினால், சோத்துப் பார்சல் கதை தெரியாதவன் என்ன நினைப்பான்? ஓட்டத்துக்கு வைத்த பேர் என்றுதான் நினைப்பான். கதை தெரிந்தவர்கள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மட்டும். தெரியாதவர்கள் வருசா வருசம் கூடிக்கொண்டே போவார்கள். பிறகு யாரோ வயசில் இளையவன் அதோடு "அண்ணை" சேர்த்திருப்பான். வெறும் பட்டத்தால் கூப்பிடுவது வேறு, அண்ணை சேர்த்துக் கூப்பிடுவது வேறு. அதன் பிறகு அவருக்குக் கோபிக்க வழியே இல்லை.

இது நம் ஊர்ப் புதினம் மட்டும் இல்லை. ரோமாபுரியின் பெரிய பேச்சாளர் சிசெரோவின் குடும்பப் பேரே கடலையிலிருந்து வந்தது. முன்னோர் ஒருவரின் மூக்கு நுனி கடலைப் பருப்புப் போலப் பிளந்திருந்ததாம், புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அரசியலுக்குள் நுழையும்போது நண்பர்கள் பேரை மாற்றச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். பிறகு சிசிலியில் பதவியில் இருக்கும்போது கோவிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தில் முதல் ரெண்டு பேரையும் எழுத்தில் போட்டு, மூன்றாவதுக்குப் பதிலாக ஒரு கடலையைச் செதுக்கச் சொன்னாராம். உங்கள் மான் அண்ணையின் நீலப் பேனாவை வாசித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

கிண்ணியா மகன்

எங்கட பக்கம் ஒரே பேரில் இன்னும் கூடப் பேர் இருக்கிறார்கள். பட்டம் இல்லாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்கவே ஏலாது. ரீச்சர் சொல்வது அங்கே அப்படியே பொருந்தும்.

ஆனால் எனக்கு உறுத்துகிறது வேறொன்று. எங்கள் தெருவில் ஒருவர், பட்டம் "ரெண்டாம் பாதை". பாலம் வருவதற்கு முன் டவுனுக்கு வர நாங்கள் பாதை என்கிற மிதவையில்தான் தண்ணியைக் கடக்க வேண்டும். விடிய முதல் பாதையில் போனால்தான் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இவர் ஒருநாளும் அதைப் பிடித்ததில்லை. கரைக்கு ஓடி வருவார், பாதை இழுபட்டு விலகியிருக்கும், உள்ளே நிற்கிறவர்கள் "ரெண்டாம் பாதை, ரெண்டாம் பாதை" என்று கையைக் காட்டுவார்கள். சேட்டின் பொத்தான்கூடப் பூட்டியிருக்க மாட்டார். அந்த முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

2009இல் 396 மீற்றர் பாலம் திறந்தார்கள். பாதை நின்றது. பேர் மட்டும் நிற்கவில்லை, குறுகி "ரெண்டாம் நானா" ஆனது. போன நோன்புக்கு ஒரு பொடியன் அவரிடமே கேட்டான்: "நானா, நீங்க வீட்டில ரெண்டாவது பிள்ளையா?" அவர் "ஓம்" என்றார். அவர்தான் மூத்தவர்.

சூடை

பார்த்தீர்களா, அவர் கோபிக்கவில்லை, அப்படியும் ஒட்டிவிட்டது. சரி, நான் சொன்னதில் கொஞ்சம் திருத்தம்: கோபித்தாலும் ஒட்டும், கோபிக்காவிட்டாலும் ஒட்டும்.

பெயர் வேண்டாம்

எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள். நான் "கறுவல்". சின்ன வயசில் இருந்து அதே கூட்டாளிகள்தான், நல்லவர்கள்தான், அம்மாவின் செத்த வீட்டில் பாடை தூக்கினவர்கள். அங்கேயும் ஒருத்தன் "கறுவல், அந்தப் பக்கம் பிடி" என்றான். நானும் பிடித்தேன். இத்தனை வருசமாகச் சிரித்துக்கொண்டேதான் திரும்பியிருக்கிறேன். பிடித்துத்தான் சிரிக்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மான் அண்ணைக்குப் பிடித்ததா, கார்ட் ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று எழுதினாரா? அதை யாராவது கேட்டீர்களா?

கடற்கரைத்தெரு

கேட்கவில்லை. கேட்டால் பகிடியாகத்தான் ஏதாவது சொல்வார்.

ஓய்வு ரீச்சர்

பெயர் வேண்டாம் தம்பிக்கு: நான் மேலே சம்பவம், உடம்பு என்று பிரித்ததில் உங்கள் பேர் அடங்கவில்லை. அது மெலிகிற உடம்பு மாதிரி மாறுவதும் இல்லை, நடந்து முடிந்த சம்பவமும் இல்லை. புதிதாக வருகிறவனுக்கு அதில் வேறு கதை கட்ட இடமும் இல்லை, ஆளைப் பார்த்தவுடனேயே அர்த்தம் தெரிந்துவிடும். அதனால்தான் அது பழகிப் பழகியும் மழுங்கவில்லை என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட பேரை ஒரே ஒரு கூட்டாளியிடம் தனியாகச் சொல்லி நிறுத்தின ஒரு மாணவனைத் தெரியும். எல்லாரிடமும் சொல்லியிருந்தால் நின்றிருக்குமா, தெரியாது.

பெயர் வேண்டாம்

அந்த ஒருத்தன் யார் என்றுதான் யோசிக்கிறேன் ரீச்சர். பாடை தூக்கினவனிடம் சொல்ல முடியாது.

சூடை

ரீச்சர், பிள்ளைகள் உங்களுக்கு என்ன பட்டம் வைத்திருந்தார்கள்?

ஓய்வு ரீச்சர்

தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

கிண்ணியா மகன்

ரீச்சர், 92ஆம் ஆண்டு ஏ பிரிவா? எனக்கும் தெரியும்.